சிறு குரற்பதிவுத் தொகுதியைக் கொண்டு தமிழ்ப் பேச்சறி மாதிரியைச் சீராக்கல்: முதியோர் பேச்சை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல மொழிகளில் முன்பயிற்சி பெற்ற பேச்சறி மாதிரி ஒன்றை, ஐந்தாறு மணி நேரத் தமிழ்ப் பதிவை மட்டும் கொண்டு, ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரின் பேச்சுக்கு ஏற்பச் சீராக்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 2022ஆம் ஆண்டு முதியோரின் தமிழ்ப் பேச்சை மையமாக வைத்து நடைபெற்ற பொதுப்பணி ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துப்பெயர்ப்பு விதி, ஒருங்குறித் தூய்மை, பேசுவோர்வழிப் பகுப்பு, பிழை அளவீடு ஆகிய நான்கிலும் நேரும் தவறுகளே மாதிரியின் தேர்வைக் காட்டிலும் முடிவைப் பெரிதும் பாதிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. முன்னுரை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எப்சம் பகுதியிலும் அதற்கு அருகிலுள்ள மவுண்ட் ரோஸ்கில், சாண்ட்ரிங்ஹம் பகுதிகளிலும் ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் வாழ்கின்றன. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களுள் அன்று நடுவயதினராக இருந்தோர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். அவர்களுடைய நினைவுகளைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து வைக்கிறார்கள். பதிவுகள் சேர்கின்றன, ஆனால் அவற்றுள் எதில் யார் எந்த ஊரைப் பற்றிப் பேசினார் என்று தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. முழுவதையும் கேட்டு எழுத்தாக்க ஆளில்லை. எழுதத் தெரிந்த தலைமுறைக்கு நேரமில்லை. நேரமுள்ள இளந்தலைமுறைக்குத் தமிழ் எழுத வராது.

இந்நிலையில் பொறி எழுதித் தருமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. பொதுப் பயன்பாட்டுக்கு உருவான பேச்சறி மாதிரிகள் செய்தி வாசிப்பையும் நூல் வாசிப்பையும் ஓரளவு செம்மையாக எழுதுகின்றன. பல்லிழந்த வாயின் குழறலும், நீண்ட இடைநிறுத்தமும், வட்டார வழக்கும், இடையிடையே ஆங்கிலச் சொல்லும் கலந்த எண்பது வயதினரின் பேச்சில் அவை தடுமாறுகின்றன. அத்தகைய மாதிரியைச் சிறிதளவு பதிவைக் கொண்டு நமக்கு வேண்டியவாறு பழக்குவதே நுண்சீராக்கம் எனப்படும். அது எந்த அளவுக்கு இயலும், எங்கே தவறும் என்பதைக் காண்போம்.

2. ஐந்தரை மணி நேரம்: ஒரு முன்மாதிரி

மொழித் தொழில்நுட்பத்தில் சமத்துவம், பன்மை, உள்ளடக்கம் ஆகியவற்றை நோக்கமாகக் கொண்ட எல்டி-ஈடிஐ பயிலரங்கு, 2022இல் டப்ளின் நகரில் நடைபெற்ற கணினிமொழியியல் மாநாட்டின் பகுதியாக நிகழ்ந்தது. அதில் தமிழ்ப் பேச்சறிதலுக்கென ஒரு பொதுப்பணி அறிவிக்கப்பட்டது. முதியோரும் திருநரும் வங்கி, மருத்துவமனை, அலுவலகம் போன்ற இடங்களில் பேசவேண்டிய சூழல்களை ஒட்டிய உரையாடல் பேச்சு அதற்கெனத் திரட்டப்பட்டது. எழுத்துப்பெயர்ப்புடன் பயிற்சிக்கு வழங்கப்பட்டது ஏறக்குறைய ஐந்தரை மணி நேரப் பதிவு. சோதனைக்கு வைக்கப்பட்டது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

அப்பணியில் முன்னணியில் நின்ற அமைப்பின் சொற்பிழை வீதம் நூற்றுக்கு நாற்பதை ஒட்டியே இருந்தது. இவ்வெண்ணை இருவகையாகப் படிக்கலாம். பத்துச் சொல்லில் நான்கு பிழையென்றால் அந்த எழுத்துப்பெயர்ப்பை அப்படியே நூலாக்க இயலாது. ஆயினும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் தேடிப் பதிவின் உரிய இடத்தை அடைவதற்கு அது பயன்படக்கூடும். கையால் திருத்துவோருக்கு முதல்வரைவாகவும் உதவக்கூடும். சிறு தரவோடு இறங்குவோர் முதலில் தாம் வேண்டுவது தேடற்குறிப்பா, திருத்துதற்குரிய வரைவா, அச்சுக்குரிய பாடமா என்று முடிவுசெய்ய வேண்டும். மூன்றாவதை ஐந்து மணி நேரப் பதிவு தராது.

இதே நாட்டில் மற்றொரு முன்மாதிரியும் உண்டு. வடக்கே கைத்தாயா ஊரைச் சேர்ந்த தே ஹிக்கு ஊடக நிறுவனம் 2018இல் மாவோரி மொழிக்கென மக்களிடம் குரல் திரட்டியது. ஏறக்குறைய 2,500 பேர் பத்து நாள்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட வாசிப்புப் பதிவை அளித்தனர். அத்தகைய ஊர்கூடிய முயற்சி இயலாதபோது என்ன செய்வது என்பதே நம் வினா.

3. சிறு தரவு எதனால் போதுமாகிறது

நுண்சீராக்கத்தில் நாம் மாதிரிக்குக் கேட்கக் கற்பிப்பதில்லை. அது முன்பே கேட்கக் கற்றிருக்கிறது. 2020இல் வெளிவந்த `wav2vec 2.0` முறையில், எழுத்துப்பெயர்ப்பே இல்லாத வெற்று ஒலியை மாதிரி கேட்கிறது. ஒலியின் சில பகுதிகள் மறைக்கப்படுகின்றன. மறைந்தது எதுவென்று சூழலைக் கொண்டு அது தேர்ந்தெடுக்கப் பழகுகிறது. இவ்வாறு ஒலிகளுக்கிடையேயான வேற்றுமைகள் அதனுள் பதிகின்றன. பின்னர் எழுத்தோடு இணைந்த சிறிதளவு பதிவைக் காட்டினால், எந்த வேற்றுமைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் அது கற்கிறது. 2021இல் வெளிவந்த `XLS-R` மாதிரி 128 மொழிகளின் 4,36,000 மணி நேர ஒலியில் இவ்வாறு பழக்கப்பட்டது. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று.

இவ்வகை மாதிரி 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓர் எழுத்தையோ வெற்றுக்குறியையோ வெளியிடுகிறது. அடுத்தடுத்து வரும் ஒரே குறி ஒன்றாகச் சுருக்கப்படும். பின்னர் வெற்றுக்குறிகள் நீக்கப்படும். ஆங்கிலத்தில் இரட்டித்த எழுத்தைக் காட்ட இடையே வெற்றுக்குறி தேவை. தமிழிலோ ‘க்க’ என்பது ககரம், புள்ளி, ககரம் என மூன்று குறிகளாக ஒருங்குறியில் அமைவதால் இரட்டிப்புக்கு நடுவில் புள்ளியே நிற்கிறது. வெளியீட்டுக் குறிகளும் மிகக் குறைவு: உயிர் 12, மெய்யுரு 18, கிரந்தம் 5, உயிர்க்குறி 11, புள்ளி 1, ஆய்தம் 1 என 48, சொல்லிடைவெளி, அறியாக்குறி, வெற்றுக்குறி ஆகியவற்றோடு 51. ஐந்து மணி நேரப் பேச்சில் இவற்றுள் பெரும்பாலானவை பலநூறு முறை வந்துவிடும்.

இரண்டாம் வகை, 2022 செப்டம்பரில் வெளியான விஸ்பர் மாதிரி. இது எழுத்துப்பெயர்ப்போடு கூடிய 6,80,000 மணி நேரப் பன்மொழிப் பதிவில் பழக்கப்பட்டது. முப்பது நொடித் துண்டு ஒலியைக் கேட்டு, முன் எழுதிய சொற்களையும் பார்த்து, அடுத்த குறியை எழுதுகிறது. அதாவது கேட்பதோடு இதற்கு ஓர் எழுத்துப் பழக்கமும் உண்டு. இதன் சிறு வடிவத்தை (24.4 கோடி அளவுருக்கள்) ஏறக்குறைய எட்டு மணி நேர இந்திப் பதிவைக் கொண்டு சீராக்கியபோது சொற்பிழை வீதம் 63.5இலிருந்து 32ஆகக் குறைந்தது என்பது பரவலாக அறியப்பட்ட செய்முறைப் பாடம். சிறு தரவின் ஆற்றலுக்கு அது ஒரு சான்று. அது எழுதிவைத்ததை வாசித்த பேச்சு என்பதையும் மறக்கலாகாது.

நமக்கு எது வேண்டும்? விஸ்பரின் எழுத்துப் பழக்கம் பெரிதும் எழுத்துத்தமிழ்ப் பழக்கம். யாழ்ப்பாணத்து முதியவர் ‘போனனான்’ என்றால் அது ‘போனேன்’ என்று எழுதிவிட முனையும். அது படிக்க இனிது, வழக்காற்றியலாருக்கு இழப்பு. முதியோர் நெடுநேரம் நிறுத்திப் பேசும்போது அம்மௌனத்தில் சொல்லாத சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் குறையும் விஸ்பருக்கு உண்டு. `XLS-R` வகை மாதிரி கேட்டதை எழுத்தெழுத்தாக எழுதும். பிழை செய்தாலும் அப்பிழை ஒலியை ஒட்டியதாக இருக்கும். வழக்கைக் காக்க விரும்பும் திட்டத்துக்கு இரண்டாவதே ஏற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

4. எதை எழுதுவது: எழுத்துப்பெயர்ப்பு விதி

ஐநூறு மணி நேரத் தரவில் எழுத்துமுறை முரண்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஐந்து மணி நேரத்தில் அவ்வாறு ஆகாது. ஒரே ஒலியை இருவர் இருவிதமாக எழுதினால் மாதிரி இரண்டையும் கற்காது. எதையும் உறுதியாகக் கற்காது. ஆகவே முதற்பதிவுக்கு முன்பே ஒரு பக்க அளவில் விதி எழுதப்பட வேண்டும்.

விதியில் தீர்க்கவேண்டிய முதல் வினா பேச்சுவடிவம் பற்றியது. ‘செய்யிறியள்’ என்று கேட்டால் அவ்வாறே எழுதுவதா, ‘செய்கிறீர்கள்’ என்று மாற்றுவதா? மாற்றி எழுதினால், காதில் விழாத ககரத்தையும் ரகரத்தையும் கேட்டதாக மாதிரிக்குக் கற்பிக்கிறோம். குறைந்த தரவில் இது பெருஞ்சுமை. கேட்டவாறே எழுதி, தேடலுக்காக எழுத்துவழக்கு வடிவத்தைத் தனி நிரலில் பின்னர் சேர்ப்பதே நன்று.

இரண்டாவது, பிறமொழிச் சொற்கள். தமிழகத்தார் ‘டீச்சர்’, ‘போலீஸ்’ என்று எழுதுவதை ஈழத்தார் ‘ரீச்சர்’, ‘பொலிஸ்’ என்று எழுதுவர். இரண்டும் தத்தம் மரபில் செம்மையே. ஆனால் எப்சத்தில் இரு மரபினரும் சேர்ந்து எழுத்துப்பெயர்த்தால் ஒரே தொகுதியில் இரண்டும் கலக்கும். தமிழகத் தரவில் முன்பே சீராக்கப்பட்ட மாதிரியைத் தொடக்கமாகக் கொண்டால் அது ‘டீச்சர்’ என்று எழுதிக்கொண்டேயிருக்கும். ஈழ மரபில் எழுதிய சோதனைத்தாள் அதனைப் பிழையென எண்ணும். ஏதேனும் ஒரு மரபைத் தேர்ந்து, வரும் சொற்களைப் பட்டியலாக வளர்த்து, எல்லோரும் அதனையே பின்பற்ற வேண்டும். எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒலித்தவாறு தமிழ் எழுத்தில் எழுதுவது இவ்விதியின் பகுதி. ‘1983’ என்ற இலக்கத்துக்கு ஒலி இல்லை. ‘எண்பத்து மூண்டு’ என்பதற்கே உண்டு.

விதி பின்பற்றப்படுகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. அரைமணி நேரப் பதிவை இருவர் ஒருவரையொருவர் பாராமல் எழுதட்டும். ஒருவர் பாடத்தை விடையாகவும் மற்றவர் பாடத்தை வெளியீடாகவும் கொண்டு சொற்பிழை வீதம் கணக்கிடுக. மனிதர் இருவரிடையே வேறுபாடு நூற்றுக்கு இருபது என்றால், பொறி அதற்குக் கீழே செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. திருத்தவேண்டியது மாதிரியை அன்று, விதியை.

5. உயிர்க்குறி மறையும் இடங்கள்

பாடங்களை மாதிரிக்குத் தருமுன் நிறுத்தற்குறிகளை நீக்குவது வழக்கம. அதற்கு ஆங்கிலத்தை எண்ணி எழுதிய ஒருவரி நிரல் பல செய்முறைகளில் காணப்படுகிறது. தமிழில் அது செய்வதைப் பாருங்கள்:

```python
import re
re.sub(r"[^\w\s]", "", "வீடு, பாட்டி!")
# 'வட படட'
```

பைத்தான் மொழியின் `\w` என்னும் குறி, தனித்து நிற்கும் எழுத்துகளையே எழுத்தென ஏற்கிறது. சார்ந்து வரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ஆகவே காற்புள்ளியோடு மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் அழிந்தன. இப்பாடத்தைக் கொண்டு பழக்கினால் எந்த எச்சரிக்கையும் தோன்றாது. பயிற்சி இனிதே நடைபெறும். குறிகள் குறைந்தமையால் பிழை வீதம் கூட விரைவாக இறங்கலாம். வெளியீட்டைக் கண்ணால் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தமிழ்த்தொகுதியின் எல்லையையே நேராகக் குறிப்பிடுவது பாதுகாப்பானது:

```python
import re, unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = re.sub(r"[\u200b-\u200d]", "", s)
    s = re.sub(r"[^\u0B80-\u0BFF\s]", " ", s)
    return re.sub(r"\s+", " ", s).strip()
```

முதல் வரி ஒருங்குறி வடிவங்களை ஒன்றாக்குகிறது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக்குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, ஆகாரக்குறி என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கு வேறுவேறு. `NFC` அவற்றை ஒன்றாக்கும். இரண்டாவது வரி கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறிகளை நீக்குகிறது. மூன்றாவது இலத்தீன் எழுத்தையும் இலக்கத்தையும் நீக்கிவிடும்; ஆகவே அவற்றை முன்பே ஒலிவடிவில் எழுதியிருக்க வேண்டும் என்பது மீண்டும் நினைவுகூரத்தக்கது.

`NFC`யும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதை ஔகாரக்குறிக்கு மாறாக எகரக்குறியும் ளகரமும் இட்டு ‘கெளரி’ என்று தட்டுவோர் பலர். தானாக எல்லாவற்றையும் மாற்றவும் இயலாது. அவ்வாறு செய்தால் ‘கெளுத்தி’ மீன் சிதையும். தொகுதியிலுள்ள தனிச்சொற்களை அகரவரிசையில் அடுக்கி, எகரக்குறியை அடுத்து ளகரம் வரும் சொற்களைக் கண்ணால் பார்ப்பதே வழி. ஐந்து மணி நேரத் தொகுதியில் அத்தகைய சொற்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவது அரிது.

இதே குறை அளவீட்டிலும் ஒளிந்திருக்கிறது. விஸ்பரோடு வரும் `BasicTextNormalizer` சார்ந்து வரும் குறிகள் ஒவ்வொன்றையும் இடைவெளியாக மாற்றுகிறது. அதனூடே சென்றால் ‘பாட்டி’யும் ‘ப ட ட’. ‘பூட்டு’ம் ‘ப ட ட’. மாதிரி பாட்டியைப் பூட்டு என்று எழுதினாலும் பிழையில்லை என்றே கணக்கு வரும். தமிழுக்குக் கூறப்படும் ஒரு பிழை வீதம் வியப்பளிக்கும் அளவு குறைவாக இருந்தால், எந்தச் சீர்மைக்குப் பின் அது கணக்கிடப்பட்டது என்று முதலில் வினவ வேண்டும்.

6. பகுப்பும் பயிற்சியும்

பதிவுகளை மௌனம் உள்ள இடங்களில் வெட்டி ஐந்து முதல் பதினைந்து நொடித் துண்டுகளாக்க வேண்டும். நேரத்தை அளந்து வெட்டினால் சொல் நடுவே முறியும். பாடத்தில் முழுச்சொல்லும் ஒலியில் பாதிச்சொல்லும் இருக்கும். ஒலி ஒற்றைத்தடமாக, நொடிக்கு 16,000 மாதிரிகளாக மாற்றப்பட வேண்டும். கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி முதியோரின் மெல்லிய சொல்லிறுதிகளையும் சேர்த்து நீக்கக்கூடுமாதலால் பதியும்போது அதனை அணைத்துவைப்பது நன்று.

விஸ்பரைப் பழக்குவோர் துண்டுகளைச் சிறிதாக்க மற்றொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று எண்பிட்டுகளில் அமைகிறது. ‘போகின்றேன்’ என்னும் ஒரு சொல்லில் பத்துக் குறிகள், முப்பது எண்பிட்டுகள். விஸ்பரின் சொற்பகுப்பி எண்பிட்டுகளை அடிப்படையாகக் கொண்டதாதலால், ஆங்கிலத்தில் ஓரிரு துண்டாக அடங்கும் பொருள் தமிழில் பல துண்டுகளாகச் சிதறும். ஒரு முறைக்கு அது கொள்ளக்கூடியது 448 துண்டுகளே. விரைந்து பேசுபவரின் முப்பது நொடிப் பேச்சு இவ்வெல்லையைத் தாண்டக்கூடும். ஆகவே பயிற்சிக்கு முன்பே ஒவ்வொரு பாடத்தின் துண்டுகளையும் எண்ணிப்பார்த்துவிட வேண்டும். மொழியைத் தமிழ் என்றும் பணியை எழுத்துப்பெயர்ப்பு என்றும் வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் தேவை. இல்லையெனில் வேற்றுமொழி எழுத்தோ ஆங்கில மொழிபெயர்ப்போ வரலாம்.

அடுத்தது, மிகப் பலர் வழுக்கும் இடம். துண்டுகளைக் கலைத்துப்போட்டு நூற்றுக்குப் பத்தைச் சோதனைக்கு எடுப்பது எளிது. ஆனால் அவ்வாறு எடுத்தால் ஒரே பாட்டியின் ஒரே கதையின் முற்பாதி பயிற்சியிலும் பிற்பாதி சோதனையிலும் நிற்கும். அவருடைய குரலும் அவர் சொல்லும் ஊர்ப்பெயரும் மாதிரிக்கு முன்பே தெரியும். வீதம் அழகாக இருக்கும். அடுத்த வீட்டுத் தாத்தா பேசியதும் அது சரியும். பகுப்பு பேசுவோர்வழியே அமைய வேண்டும்.

ஒரு திட்டக்கணக்காகப் பன்னிருவர், ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம் என ஐந்து மணி நேரம் கொள்வோம். எண்மர் பயிற்சிக்கு, இருவர் இடைச்சோதனைக்கு, இருவர் இறுதிச்சோதனைக்கு. இருவரின் குரலைக் கொண்டு எல்லோரையும் மதிப்பிட இயலாதே என்பது நியாயமான ஐயம். அதனால் இறுதிச்சோதனைக்குரிய இருவரை மாற்றி மாற்றி ஆறுமுறை பழக்கி, ஆறு வீதங்களையும் தனித்தனியே வெளியிடுவது முறை. சராசரியைக் காட்டிலும் மிக மோசமான வீதமே அதிகம் சொல்லும்: யாருடைய பேச்சை இப்பொறி கைவிடுகிறது என்பதை அது காட்டும்.

பயிற்சியின் நீளத்தையும் கணக்கிட்டே அறியலாம். முற்கூறிய பொதுப்பணியின் ஐந்தரை மணி நேரம் 19,800 நொடி. ஆறுநொடித் துண்டுகளாகக் கொண்டால் 3,300 துண்டுகள். விஸ்பரை ஒருமுறைக்குப் பதினாறு துண்டாகப் பழக்கினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 206 படிகள். வேறு தரவுக்கென எழுதிய செய்முறையிலுள்ள 4,000 படிகளை அப்படியே எடுத்தாண்டால் அதே பேச்சைப் பத்தொன்பது முறை கேட்டதாகும். மாதிரி கற்பதை நிறுத்தி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். பயிற்சி இழப்பு இறங்கிக்கொண்டேயிருக்க இடைச்சோதனை இழப்பு ஏறத் தொடங்குவது அதன் அடையாளம். இருநூறு படிக்கு ஒருமுறை இடைச்சோதனை நடத்தி, வீதம் மிகக் குறைந்த நிலையைச் சேமித்துக்கொள்வதே போதுமானது. கற்றல் வீதம் 0.00001 என்ற அளவில் தொடங்குவது விஸ்பருக்குப் பொருந்தும்.

`XLS-R` மாதிரிக்கு வழக்கமான கற்றல் வீதம் 0.0003, ஒலியை முதலில் வாங்கும் அடுக்குகளை மாறாதவாறு உறையவைத்துவிடுவர். இதில் தொடக்க சில நூறு படிகளில் மாதிரி வெற்றுக்குறியை மட்டுமே வெளியிடும். சொற்பிழை வீதம் நூறாகவே நிற்கும். இது இயல்பு, பதற வேண்டியதில்லை. பல சுற்றுகள் கடந்தும் அவ்வாறே நின்றால், பாடமும் ஒலியும் இடம்மாறி இணைந்துள்ளனவா, குறிப்பட்டியலில் உயிர்க்குறிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒலியின் வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் தருவதால் தரவு மும்மடங்காகும். எனினும் பேசுவோர் தொகை கூடாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

7. பிழையை அளத்தல்

சொற்பிழை வீதம் என்பது, மாறிய சொல், விடுபட்ட சொல், மிகைச்சொல் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை விடைப்பாடத்தின் சொற்றொகையால் வகுத்துப் பெறுவது. தமிழில் இவ்வளவை எவ்வாறு ஏமாற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

விடைப்பாடம்: நான் நேற்றுக் கோயிலுக்குப் போயிருந்தேன்.
வெளியீடு: நான் நேற்று கோயிலுக்கு போய் இருந்தேன்.

விடையில் நான்கு சொற்கள். ‘நேற்றுக்’, ‘கோயிலுக்குப்’ ஆகிய இரண்டும் ஒற்று விடுபட்டதால் மாறிய சொற்கள். ‘போயிருந்தேன்’ இரண்டாகப் பிரிந்ததால் ஒரு மாற்றமும் ஒரு மிகையும். பிழை நான்கு; வீதம் நூற்றுக்கு நூறு. பொறியோ எல்லாவற்றையும் சரியாகவே கேட்டிருக்கிறது. இதே இணையை ஒருங்குறிக் குறிவாரியாக எண்ணினால் விடையில் இடைவெளி உட்பட 39 குறிகள், விடுபட்டவை நான்கு, மாறியது ஒன்று, மிகை இரண்டு, பிழை ஏழு. வீதம் ஏறக்குறைய 18. இரு எண்களையும் சேர்த்தே வெளியிட வேண்டுவதன் காரணம் இதுவே. சொல்வீதம் மிகுந்து குறிவீதம் குறைந்திருந்தால் சிக்கல் புணர்ச்சியிலும் சொற்பிரிப்பிலும் இருக்கிறது. எழுத்துப்பெயர்ப்பு விதியால் அதனைக் குறைக்கலாம். இரண்டும் மிகுந்திருந்தால் சிக்கல் கேட்பதில்தான் இருக்கிறது. அதற்குப் பதிவே மருந்து.

வெளியீட்டைச் சீராக்க மொழிமாதிரி ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. செய்தித்தாள், விக்கிப்பீடியா முதலிய எழுத்துத்தமிழில் உருவான மொழிமாதிரியைச் சேர்த்தால் ‘கதைச்சவை’ என்பது ‘கதைத்தார்கள்’ ஆகவோ வேறொரு சொல்லாகவோ மாறக்கூடும். பயிற்சிப் பாடங்களிலிருந்தே கட்டிய சிறு மொழிமாதிரியும், அதனோடு ஈழத்து ஊர்ப்பெயர்ப் பட்டியலும் இதற்கு ஏற்றவை. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணை மட்டும் நம்பாது ஐம்பது வெளியீடுகளையேனும் ஒலியோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒரு நொடிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் எழுதப்பட்ட துண்டுகளை முதலில் எடுத்துப் பார்ப்பது பயன்தரும். சொல்லாததை எழுதும் குறை பெரும்பாலும் அங்கே அகப்படும்.

8. குரலின் உடைமை

குரலிலிருந்து பெயரை நீக்கலாம். ஆளை நீக்க இயலாது. எப்சம் போன்ற சிறு சமூகத்தில் இரண்டு வாக்கியம் கேட்டாலே பேசுபவர் யாரென்று தெரிந்துவிடும். முதியோர் பேசுவது போர்க்காலத்தையும் பிரிவையும் பற்றியதாக இருக்கலாம். ஊரில் இன்றும் உறவினர் இருக்கலாம். ஆகவே ஒப்புதல் மூன்றாகப் பிரித்துப் பெறத்தக்கது: பதிவைப் பாதுகாத்தல், மாதிரியைப் பழக்குதல், பிறர்க்கு வழங்குதல். முதலிரண்டுக்கும் இசைந்தவர் மூன்றாவதற்கு இசையாமல் இருக்கலாம். பின்னர் ஒருவர் விலக விரும்பினால் பதிவை அழிக்கலாம். பழகிய மாதிரியிலிருந்து அவருடைய பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எளிதன்று. அவரின்றி மீண்டும் பழக்குவதே நேர்மையான வழி. தரவு சிறிதாக இருப்பதால் அது பெருஞ்செலவும் அன்று. இதனை முன்பே அவர்க்குச் சொல்லிவிட வேண்டும்.

தே ஹிக்கு நிறுவனம் திரட்டிய குரல்களை எவர்க்கும் திறந்துவிடாது, காப்பாளர் பொறுப்பு என்னும் மாவோரிக் கருத்தை அடிப்படையாகக் கொண்ட உரிமத்தின் கீழ் வைத்திருக்கிறது. தரவு சமூகத்தின் காவலில் இருக்கும். அதன் பயனும் சமூகத்துக்கே திரும்பும் என்பது அதன் சாரம். அதே மண்ணில் வாழும் தமிழர் இதனைத் தம் பதிவுகளுக்கும் எண்ணிப்பார்க்கலாம்.

9. முடிவுரை

ஐந்தாறு மணி நேரப் பதிவு, முன்பயிற்சி பெற்ற மாதிரி ஒன்றை முதியோரின் பேச்சுக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அச்சுக்குரிய பாடத்தைத் தரப் போதுமானதன்று. அந்த இடைவெளி எவ்வளவு என்பது கேட்டவாறு எழுதும் விதியிலும், உயிர்க்குறியும் புள்ளியும் அழியாத பாடத்திலும், கேட்டறியாத குரலில் நடத்தும் சோதனையிலும், சொல்லையும் குறியையும் சேர்த்து எண்ணும் அளவீட்டிலும் அடங்கியுள்ளது. இவை நான்கும் கணிப்பொறியின் வலிமையை வேண்டுவன அல்ல; தமிழ் எழுதத் தெரிந்த இருவர் சில மாதங்கள் பொறுமையாக அமர்ந்து செய்யும் வேலையை வேண்டுவன. புதிதாகப் பதியத் தொடங்குவோர் முன்பே பேசியவரிடம் மேலும் ஒரு மணி நேரம் பதிவதைக் காட்டிலும், இதுவரை பேசாத மூவரிடம் இருபது நிமிடம் பதிவது மாதிரிக்கு நன்மை தரும். அம்மூவருள் மிக முதியவரிடம் முதலில் செல்லவேண்டும் என்பதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை.